சூடாகாத ஆம்ப்ளிஃபயர்

பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரின் மூடியைக் கழற்றினால், பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பது துடுப்புத் துடுப்பான அலுமினிய ஹீட் சிங்க். அரை மணி நேரம் சத்தமாகப் பாட்டு ஓடியபின் அதைத் தொட்டால் கை சுடும். அதே அளவு சத்தம் தரும் கிளாஸ் டி போர்டு இன்று உள்ளங்கையில் அடங்குகிறது. அதன் ஹீட் சிங்க் கட்டைவிரல் அளவுகூட இருக்காது. அந்தச் சூடெல்லாம் எங்கே போயிற்று?

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆம்ப்ளிஃபயருக்கு பிளஸ் 25, மைனஸ் 25 வோல்ட் சப்ளை இருக்கிறது. ஸ்பீக்கர் 8 ஓம். பாட்டின் ஏதோ ஒரு கணத்தில் ஸ்பீக்கருக்கு 12.5 வோல்ட் போக வேண்டும். அப்போது ஓடும் மின்னோட்டம் சுமார் 1.56 ஆம்பியர், ஸ்பீக்கருக்குக் கிடைப்பது 19.5 வாட். சப்ளையில் மிச்சமுள்ள 12.5 வோல்ட்டை என்ன செய்வது? பழைய முறையில் டிரான்சிஸ்டர் பாதி திறந்த நிலையில் நின்று அதைத் தன்மேல் தாங்கிக்கொள்ளும். அதே 1.56 ஆம்பியர் அதன் வழியாகவும் ஓடுவதால், அங்கும் 19.5 வாட் வெப்பமாகிறது. அந்தக் காலத்துப் பெட்டி ஃபேன் ரெகுலேட்டர் சுட்டதற்கும் இதே காரணம்தான்.

டிரான்சிஸ்டர் முழுக்கத் திறந்திருந்தால் அதன்மேல் வோல்டேஜ் அநேகமாக இல்லை. முழுக்க மூடியிருந்தால் மின்னோட்டமே இல்லை. இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வெப்பம் என்பதால், இரு நிலையிலும் அது மிகக் குறைவு. சூடு பிறப்பது நடுநிலையில். ஆகவே கிளாஸ் டி டிரான்சிஸ்டரை நடுவில் நிற்கவே விடுவதில்லை.

அப்படியானால் 12.5 வோல்ட் எப்படிக் கிடைக்கும்? நேரத்தைப் பங்கிட்டுத்தான். இரண்டு மாஸ்ஃபெட்டுகளில் மேலுள்ளது பிளஸ் 25-ஐயும் கீழுள்ளது மைனஸ் 25-ஐயும் மாறி மாறி இணைக்கின்றன. ஒரு சுற்றில் முக்கால் பங்கு நேரம் மேலது, கால் பங்கு கீழது என்றால், சராசரி 18.75-லிருந்து 6.25 போக 12.5. இரண்டும் சரிபாதி என்றால் பூஜ்யம், அதாவது மௌனம். இந்தப் பங்கை முடிவு செய்வது ஒரு கம்பேரட்டர். நொடிக்கு 4 லட்சம் முறை ஏறி இறங்கும் முக்கோண அலையோடு பாட்டின் சிக்னலை அது ஒப்பிடும்; சிக்னல் உயரமாக இருக்கும் நேரமெல்லாம் மேல் சுவிட்சைத் திறந்து வைக்கும். பாட்டு ஏற ஏறத் துடிப்பு அகலமாகும், இறங்க இறங்கக் குறுகும். பல்ஸ் விட்த் மாடுலேஷன் என்பது இவ்வளவுதான்.

இனி வெப்பத்தைப் பாருங்கள். திறந்த மாஸ்ஃபெட்டின் தடை 0.1 ஓம் என்று வைத்தால், 1.56 ஆம்பியருக்கு வீணாவது கால் வாட். திறந்து மூடும் அந்த நொடித்துளிகளில் இன்னும் கொஞ்சம் போகும். அதையெல்லாம் சேர்த்தும், சத்தமாக ஓடும்போது நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும். மெல்லிய சத்தத்தில் இந்தக் கணக்கு பொருந்தாது. பாட்டே இல்லாவிட்டாலும் சுவிட்சுகள் துடித்துக்கொண்டே இருப்பதால் அதற்கான சிறு செலவு நிற்பதில்லை.

வெளிவருவது இன்னும் 25 வோல்ட் சதுர அலைதான். அதற்குள் ஒளிந்திருக்கும் பாட்டைப் பிரிப்பது ஒரு காயிலும் ஒரு கெப்பாசிட்டரும். காயில் வேகமான மாற்றத்தைத் தடுக்கும். தப்பி வருவதைக் கெப்பாசிட்டர் கிரவுண்டுக்குத் தள்ளும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 45 மைக்ரோஹென்றி, 0.35 மைக்ரோஃபாரட் வைத்தால் 40 கிலோஹெர்ட்ஸ் வரை விட்டுவிட்டு அதற்குமேல் வெட்டும். 400 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு நூறில் ஒரு பங்காகிவிடும். மிஞ்சும் 0.3 வோல்ட் சலனம் காதுக்கு எட்டாது. காயிலுக்குப் பதில் ரெசிஸ்டர் போட்டாலும் வடிகட்டலாம். ஆனால் சேமித்த மின்சாரம் அதிலேயே எரிந்துபோகும்.

சுவிட்ச் மாறும் கணம்தான் ஆபத்தானது. இரு மாஸ்ஃபெட்டும் ஒருசேரத் திறந்தால் பிளஸ்ஸும் மைனஸும் நேரே மோதி இரண்டும் கருகும். அதனால் சில பத்து நானோநொடிகள் இரண்டையும் மூடிவைக்கிறார்கள். அந்த இடைவெளி கூடினால் பாட்டில் கரகரப்பு ஏறும். 1964-இல் இங்கிலாந்தில் சின்க்ளேர் நிறுவனம் எக்ஸ்-10 என்று இத்தகைய ஆம்ப்ளிஃபயரை விற்றது. யோசனை சரியானதே; அன்றைய டிரான்சிஸ்டர்களுக்கு அந்த வேகம் இல்லை. வேகமான மாஸ்ஃபெட் வந்த பிறகே இது வீடுகளுக்குள் வந்தது.

வடிகட்டல் சரியில்லை என்பதை மீடியம் வேவ் ரேடியோ காட்டிக்கொடுக்கும். 400-இன் மடங்குகளான 800, 1200 கிலோஹெர்ட்ஸ் அந்த அலைவரிசைக்குள்ளேயே விழுவதால், ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் ரேடியோ இரையத் தொடங்கும். 5 வோல்ட்டில் ஓடும் 3 வாட் சிறு போர்டுகள் பலவற்றில் காயிலே இருக்காது. ஸ்பீக்கருக்குள் இருக்கும் காயிலை நம்பியே அவை வேலை செய்கின்றன. அப்படிப்பட்ட போர்டை வாங்கினால் ஸ்பீக்கர் ஒயரை முடிந்தவரை குட்டையாக வையுங்கள். நீண்ட ஒயர் வேண்டுமென்றால் காயில் உள்ள போர்டையே கேட்டு வாங்குங்கள்.