எட்டில் ஒன்று முதலில்

2021 மார்ச் 9ஆம் தேதி மைக்ரோசாப்ட் தன் மாதாந்திர அப்டேட்டை வெளியிட்டது. அதைப் போட்டுக்கொண்ட சில கணினிகளில் எல்லாமே நன்றாக ஓடின. கோப்பு திறந்தது, இணையம் வந்தது. பிரிண்ட் கொடுத்தால் மட்டும் திரை நீலமாகி, `APC_INDEX_MISMATCH` என்று காட்டிவிட்டு நின்றுபோனது. கியோசெரா, ரிக்கோ, ஜீப்ரா போன்ற பிராண்டுகளின் சில பிரிண்டர்களோடு அந்த அப்டேட் ஒத்துப்போகவில்லை. மார்ச் 15 அன்று மைக்ரோசாப்ட் அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட்டது. அதுவரை, எல்லாக் கணினிகளிலும் ஒரே இரவில் அப்டேட் போட்ட அலுவலகம் ஒரு பில்கூட அடிக்க முடியாமல் தவித்திருக்கும்.

"இதற்குத்தான் நாங்கள் அப்டேட்டையே நிறுத்திவைத்திருக்கிறோம்" என்பவர்கள் நம் ஊரில் ஏராளம். அவர்களுக்கு 2017ஆம் ஆண்டுதான் பதில். அந்த வருடம் மார்ச் 14 அன்று விண்டோஸின் ஓட்டை ஒன்றை அடைக்கும் பேட்ச் வந்தது. மே 12 அன்று வான்னாக்ரை அதே ஓட்டை வழியாகப் புகுந்து, உலகெங்கும் கணினிகளின் கோப்புகளைப் பூட்டிப்போட்டுப் பணம் கேட்டது. இரண்டு மாத அவகாசம் இருந்தும் பேட்ச் போடாதவர்கள்தான் அதில் பெரும்பாலும் மாட்டினார்கள்.

வந்தவுடன் எல்லாக் கணினிகளிலும் போடுவதும் ஆபத்து, போடாமல் விடுவதும் ஆபத்து. சின்ன அலுவலகத்துக்குத் தனியாகச் சர்வரோ முழுநேர ஐடி ஆளோ கிடையாது. அங்கே செய்யக்கூடியது, ஒரு கணினியில் முதலில் போட்டு, சில நாள் வேலை செய்து பார்த்து, மற்றவற்றுக்குத் தோதான ஒரு மாலையைக் குறிப்பது. எட்டு கணினிகள் உள்ள ஓர் ஆடிட்டர் அலுவலகத்தை வைத்து இதைப் பார்ப்போம்.

முதல் கணினியைத் தேர்வதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மூலையில் சும்மா கிடக்கும் பழைய கணினியில் போட்டுப் பார்த்து, "ஒன்றும் ஆகவில்லை" என்று திருப்திப்பட்டுக்கொள்வார்கள். வேலையே செய்யாத கணினியில் என்ன ஆகும்? தினமும் டாலியில் என்ட்ரி போட்டு, பிரிண்ட் எடுத்து, ஸ்கேன் செய்கிற ஒருவரின் கணினிதான் இதற்கு ஏற்றது. அவர் "சார், ஏதோ சரியில்லை" என்று உடனே வந்து சொல்லும் ரகமாக இருந்தால் இன்னும் நல்லது. டாலி டேட்டா இருக்கும் கணினியும் ஆடிட்டரின் சொந்த லேப்டாப்பும் வேண்டாம். டேட்டா உள்ள கணினிக்கு எப்போதுமே கடைசி இடம். அதுவும் பேக்கப் எடுத்து, அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்த பிறகு.

கணினி திறக்கிறதா என்று பார்ப்பது சோதனை ஆகாது. டாலிக்குள்ளிருந்தே ஒரு வவுச்சரை பிரிண்ட் எடுக்க வேண்டும். டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் செருகி, போர்ட்டலில் கையொப்பம் இடும் கட்டம் வரை போய்ப் பார்க்க வேண்டும். அதற்கான மென்பொருள், பிரவுசரோடு கணினிக்குள்ளேயே பேசிக்கொள்வது. 2025 அக்டோபர் 14 அப்டேட்டில் அடிபட்டவற்றில் இப்படிக் கணினி தன்னோடு தானே பேசும் இணைப்பும் ஒன்று. அதன் பிறகு ஸ்கேனர், இன்னொரு கணினியின் ஷேர் ஃபோல்டர். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். இவையெல்லாம் சரியாக இருந்தாலும், அந்தக் கணினி இரண்டு நாளாவது வழக்கமான வேலையில் ஓட வேண்டும். பட்டியலில் நமக்குத் தோன்றாதது வேலையில் தானாக வெளிப்படும்.

அடுத்தது நாள் குறிப்பது. மைக்ரோசாப்ட் அப்டேட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய் வரும். அமெரிக்காவின் மேற்குக் கரையில் காலை 10 மணி என்றால் நமக்கு இரவு 10.30, அங்கே குளிர்காலத்தில் 11.30. ஆக, நம் அலுவலகத்துக்கு அது புதன்கிழமைச் சரக்கு. இரண்டாவது செவ்வாய் 8 முதல் 14ஆம் தேதிக்குள் விழும். மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 கெடு 11, ஜிஎஸ்டிஆர்-3பி கெடு 20. ஆடிட்டர் அலுவலகத்தின் நெருக்கடியான நாட்களுக்கு நடுவில்தான் அப்டேட் வந்து இறங்குகிறது.

2026 ஜூன் மாதத்தைப் பாருங்கள். இரண்டாவது செவ்வாய் 9ஆம் தேதி. 10, புதன் மாலை முதல் கணினியில் போடலாம். மறுநாள் ஜிஎஸ்டிஆர்-1 கடைசி நாள் என்று பயப்பட வேண்டாம், மற்ற ஏழும் பழையபடியே ஓடும். வியாழன், வெள்ளி சோதனை. சனி 13 மாலை 5 மணிக்கு மற்ற கணினிகள். திங்கள் 15 முன்கூட்டிய வருமான வரிக்குக் கெடு, ஆனால் நடுவில் ஞாயிறு முழுசாக இருக்கிறது. கெட்டுப்போனால் சரிசெய்ய ஒரு நாள் கையில் இருக்கிற மாலைதான் நல்ல மாலை. "அடுத்த சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்றால் அது 20ஆம் தேதி, 3பி கெடு. அதற்கும் அடுத்தது 27. பதினெட்டு நாள் தள்ளுவது என் கணக்கில் அதிகம்.

இந்தத் தாமதத்தை மாதாமாதம் நினைவு வைத்துச் செய்ய வேண்டியதில்லை. விண்டோஸ் புரோ பதிப்பில் `gpedit.msc` திறந்து, Windows Update பகுதியில் `Select when Quality Updates are received` என்பதில் எத்தனை நாள் கழித்து என்று சொல்லிவிடலாம். முதல் கணினியில் இதைத் தொடவே வேண்டாம். மற்றவற்றுக்கு 3 போடுங்கள். 4 என்று போட்டால் நம் நேரப்படி சனி இரவுக்குத் தள்ளிப்போகக்கூடும். `Active hours` காலை 8 முதல் இரவு 8 என்று இருந்தால் வேலை நடுவே தானாக ரீஸ்டார்ட் ஆகாது, சனி மாலை நாமே கொடுக்கலாம். சோதனையில் கோளாறு தெரிந்தால், வெள்ளி மாலைக்குள் மற்ற கணினிகளில் `Pause updates` அழுத்திவிட வேண்டும். ஹோம் பதிப்பில் `gpedit.msc` இல்லாததால், அங்கே இந்தப் பொத்தானை மட்டும்தான் நம்ப வேண்டும்.

சனி மாலைக்கு இரண்டு எச்சரிக்கைகள். "Working on updates" ஓடும்போது யுபிஎஸ் ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கிளம்பும் பழக்கம் விண்டோஸையே கெடுத்துவிடும். அன்று மின்வாரியம் பராமரிப்புக்காக மின்நிறுத்தம் அறிவித்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, பிட்லாக்கர் சாவி. 2024 ஜூலை அப்டேட்டுக்குப் பிறகு சில கணினிகள் திறக்கும்போதே 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டன. ஒவ்வொரு கணினியின் எண்ணையும் முன்பே காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள். கணினிக்குள்ளேயே சேமித்து வைத்தால் தேவைப்படும் நேரத்தில் அது உதவாது.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு கணினியிலும் `winver` என்று தட்டி, வரும் பில்ட் எண்ணை நோட்டில் குறியுங்கள். விண்டோஸ் பதிப்பு ஒன்றாக இருந்தால் எட்டிலும் அதே எண் வர வேண்டும். வராத கணினி அநேகமாக லீவில் போனவருடையதாக இருக்கும். அதைத் திங்கள் காலையே பிடித்துவிட வேண்டும்.

சனிக்கிழமை வரை காத்திருக்கக் கூடாத மாதங்களும் உண்டு. ஓட்டை வழியாக ஏற்கெனவே தாக்குதல் நடக்கிறது என்று மைக்ரோசாப்டோ நம் நாட்டு செர்ட்-இன் அமைப்போ எச்சரித்தால், முதல் கணினியில் ஒரு நாள் மட்டும் பார்த்துவிட்டு, மறுநாள் மாலையே மற்ற ஏழிலும் போட்டுவிடுங்கள்.