சங்கமும் சீட்டும் போகக் கைக்கு வருவது

பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் கடன் வாங்குகிறவர், தவணையைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளச் சம்மதம் எழுதிக் கொடுக்கிறார். சங்கம் மாதாமாதம் அனுப்பும் பட்டியலைப் பார்த்துச் சம்பளம் போடும் அலுவலகம் அதைப் பிடித்து அனுப்புகிறது. சீட்டுப் பணமோ பெரும்பாலும் இந்தப் பட்டியலில் வராது. சம்பளம் வங்கியில் ஏறிய பிறகு கணக்கிலிருந்து போகும். ஆகவே சம்பள ரசீதில் ‘நிகரம்’ என்று அச்சாகும் தொகையை நம்பி மாதக் கணக்குப் போட முடியாது.

மொத்தச் சம்பளம் 45,000 ரூபாய் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். ஓய்வூதியப் பங்கு, காப்பீடு போன்றவற்றுக்கு 6,000 போகிறது. சங்கத்தில் 3 லட்சம் கடன், 60 தவணை, வட்டி 12 சதவீதம். முதல் மாதம் அசல் 5,000, வட்டி 3,000. சிக்கனச் சேமிப்பு 1,000. ரசீதில் நிகரம் 30,000.

இவரே 20 பேர் சேர்ந்த 2 லட்ச ரூபாய்ச் சீட்டிலும் இருக்கிறார். தவணை 10,000. தொடக்க ஏலங்களில் பணமுடை உள்ளவர்கள் போட்டி போடுவதால் தள்ளு அதிகம். 60,000 தள்ளிப் போனால், நடத்துபவரின் கமிஷன் 10,000 நீங்கலாக 50,000 ரூபாய் 20 பேருக்கும் பிரியும், தலைக்கு 2,500. கட்ட வேண்டியது 7,500தான், கையில் 22,500 நிற்கும்.

இந்த 22,500ஐ வைத்து வீட்டு வாடகையை முடிவு செய்தால் சிக்கல்தான். போட்டி குறையக் குறையத் தள்ளும் குறைந்து, கடைசி மாதங்களில் சீட்டுத் தவணை 10,000ஐத் தொட்டுவிடும். சங்க வட்டி நிலுவை அசலுக்கு மட்டும் என்பதால் மாதம் 50 ரூபாய் வீதம் இறங்குகிறது. 20ஆவது மாதத்தில் 950 ரூபாய் மிச்சம். சீட்டு ஏறியதோ 2,500. கையில் நிற்பது 20,950. இடையில் சீட்டை எடுத்துச் செலவழித்திருந்தாலும் தவணை நிற்காது.

பிடித்தத்துக்குச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் பொதுவாகப் பாதி ஊதியம் வரை பிடிக்கலாம் என்றது. கூட்டுறவுச் சங்கப் பாக்கியும் சேர்ந்தால் முக்கால் பங்கு வரை. 2019 ஊதியச் சட்டத் தொகுப்பில் எல்லாம் சேர்த்தே பாதிதான். வங்கியிலிருந்து போகும் சீட்டுப் பணம் இந்தக் கணக்கில் சேராது என்பதுதான் ஓட்டை.

சம்பளமில்லா விடுப்பு எடுத்த மாதத்தில் பிடிக்கப் பணம் போதாமல் சங்கத் தவணை நிலுவையாகும். ரசீதில் பிடித்தம் இருந்தும் சங்கத்துக்குப் பணம் போய்ச் சேராத மாதங்களும் உண்டு. ரசீதையும் சங்கப் பாஸ்புக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் தெரிந்துவிடும். எடுத்த சீட்டுக்குத் தவணை தவறினால் ஜாமீன் போட்டவரின் சம்பளத்துக்கும் ஜப்தி வரும்; அப்போதும் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் நீதிமன்றம் தொடாது.