தேதி சொல்லும் சேதி

‘வலிப்பு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை’ என்று மட்டும் எழுதினால், காசியாபாத்திலுள்ள தேசிய மருந்துக் கண்காணிப்பு மையத்தால் எதையும் கணிக்க முடியாது. தேதிகள்தான் முக்கியம்.

ஒருவர் ஜூன் 1 அன்று கார்பமசெபைன் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 14ஆம் தேதி காய்ச்சல், உதட்டில் புண். 15ஆம் தேதி பாராசிட்டமால். 16ஆம் தேதி உடலெங்கும் தடிப்பு. தடிப்பை மட்டும் குறித்தால் பழி பாராசிட்டமால் மீது விழும். புண் முந்தைய நாளே வந்ததென்று எழுதினால் சந்தேகம் கார்பமசெபைன் பக்கம் திரும்பும். டாக்டர் அதை நிறுத்தியபின் புண் ஆறியதா என்பதையும் அவசியம் எழுதுங்கள். அளவு, தொகுதி எண், உடன் சாப்பிட்ட நாட்டு மருந்து உட்பட எல்லாம் வேண்டும். உறுதியான நிரூபணம் தேவையில்லை; சந்தேகமே போதும். நோயாளிகளும் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம்.