போர்ட் மாற்றியதும் கன்சோல் படம் வராதது ஏன்?

டிவியின் பின்புறம் இருக்கும் எச்டிஎம்ஐ போர்ட்டுகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒரே வடிவம், ஒரே 19 பின்கள். ஆனால் பல டிவிகளில் அவற்றின் திறன் வேறு வேறு. ஒரு போர்ட்டில் நன்றாக ஓடிய கேம் கன்சோல், அடுத்த போர்ட்டுக்கு மாற்றியதும் திரையில் No Signal என்று காட்டினால், முதலில் ரிமோட்டின் சோர்ஸ் பட்டனை அழுத்தி, புதிய போர்ட்டின் எண் தேர்வாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேபிள் 3-க்குப் போயிருக்க, டிவி இன்னும் 1-ஐயே பார்த்துக்கொண்டிருப்பதுதான் அடிக்கடி நடப்பது. எண் சரியாக இருந்தும் படம் வராவிட்டால், காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

கேபிளைச் செருகியவுடன் படம் பாய்ந்து வந்துவிடுவதில்லை. முதலில் கன்சோல் 5 வோல்ட் மின்சாரத்தை ஒரு பின் வழியாக அனுப்புகிறது. டிவி இன்னொரு பின் வழியாக "இருக்கிறேன்" என்று பதில் தருகிறது. அதன்பின் கன்சோல், அந்தப் போர்ட்டில் பதிந்திருக்கும் இடிஐடி என்ற சிறு குறிப்பைப் படிக்கிறது. எந்த அளவுப் படத்தை, நொடிக்கு எத்தனை முறை ஏற்க முடியும் என்பது அதில் இருக்கும். நகலெடுப்பதைத் தடுக்கும் எச்டிசிபி பூட்டுக்கும் இரு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனி இடிஐடி என்பதால், போர்ட் மாறினால் இந்தப் பேச்சு முழுவதும் புதிதாக நடந்தாக வேண்டும்.

2016-இல் வந்த பிளேஸ்டேஷன் 4 ப்ரோவை எடுத்துக்கொள்ளலாம். அது பழைய 4கே டிவி ஒன்றின் முதல் போர்ட்டில் இருக்கிறது. வீட்டுக்குப் புதிதாக வந்த சவுண்ட்பாருக்கு ஏஆர்சி போர்ட் தேவை. அந்த டிவியில் முதல் போர்ட்தான் ஏஆர்சி. அதனால் கன்சோல் மூன்றாவது போர்ட்டுக்குப் போகிறது. கன்சோலின் அமைப்பிலோ 2160p - RGB என்று முன்பே கையால் தேர்ந்து வைக்கப்பட்டிருக்கிறது. நொடிக்கு 60 முறை மாறும் அந்த 4கே படத்துக்குச் சுமார் 18 ஜிகாபிட் வேகம் வேண்டும். மூன்றாவது போர்ட் பழைய 1.4 ரகமாக இருந்தால் 10.2 ஜிகாபிட்டோடு நின்றுவிடும். தானியங்கி அமைப்பில் இருந்திருந்தால் கன்சோல் 1080p-க்கு இறங்கி வந்திருக்கும். கையால் பூட்டி வைத்ததாலும், சில வேளை ஸ்டாண்ட்பையில் இருந்தபடியே கேபிளை மாற்றியதாலும், போர்ட் ஏற்காத படத்தையே அனுப்ப முயன்று இருள்தான் மிஞ்சுகிறது.

இதை உறுதிசெய்ய வழி எளிது. அதே கேபிளைப் பழைய போர்ட்டில் செருகினால் படம் வருகிறதென்றால், கன்சோலிலும் கேபிளிலும் குறையில்லை. அடுத்து செட்டாப் பாக்ஸைப் புதிய போர்ட்டில் மாட்டிப் பார்க்க வேண்டும். அது ஓடினால் போர்ட் உயிரோடுதான் இருக்கிறது. கன்சோல் கேட்கும் வேகம்தான் அங்கே இல்லை. எந்தக் கருவியும் ஓடவில்லை என்றால்தான் போர்ட் பழுது என்று எண்ண இடமுண்டு.

போர்ட் நன்றாக இருந்தால் இரண்டு கருவிகளையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி ஓரிரு நிமிடம் விட வேண்டும். பிறகு டிவியை முதலில் போட்டு, சரியான போர்ட்டைத் தேர்ந்து, அதன்பின் கன்சோலைப் போட வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் சேஃப் மோட் இருக்கிறது. கன்சோலை முழுமையாக அணைத்துவிட்டு பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் முதல் பீப் ஒலிக்கும். விடாமல் பிடித்திருந்தால் ஏறத்தாழ 7 நொடியில் இரண்டாவது பீப். அப்போது விட்டுவிட்டு, கன்ட்ரோலரை யூஎஸ்பி கேபிளால் இணைத்து Change Resolution என்பதைத் தேர்ந்தால் படம் திரும்பும்.

போர்ட்டுக்குத் திறன் இருந்தும் டிவியின் மெனுவில் அது அணைந்து கிடப்பதும் உண்டு. சாம்சங்கில் Input Signal Plus, எல்ஜியில் HDMI Ultra HD Deep Colour, சோனியில் HDMI signal format என்று அதற்குப் பெயர். பெரும்பாலும் இது ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனியாகப் போட வேண்டியது. பழைய போர்ட்டில் என்றோ போட்டது புதிய போர்ட்டுக்குத் தானாக வராது. போர்ட் மாற்றியவர்கள் மறந்துவிடுவது இதைத்தான்.

மூன்றாவது போர்ட் உண்மையிலேயே 1.4 ரகம் என்றால் எந்த அமைப்பும் அதை வேகப்படுத்தாது. 1080p போதும் என்பவர்கள் கன்சோலை அங்கேயே விடலாம். 4கே வேண்டும் என்றால் கன்சோலை முதல் போர்ட்டுக்கே திருப்பிவிட்டு, சவுண்ட்பாரை ஆப்டிகல் கேபிளில் இணைப்பதே நல்லது. ஒலிக்கு ஆப்டிகல் என்ற மாற்று வழி பல சவுண்ட்பார்களில் இருக்கிறது. 4கே படத்துக்கு வேகமான போர்ட்டை விட்டால் வேறு வழியில்லை.