மதிப்பெண் பட்டியலே பொருளடக்கம்
ஆலோசகர் தேர்வில் தொழில்நுட்ப உறை எப்படி எழுதப்படுகிறது, எப்படி அளக்கப்படுகிறது?

ஒரு நகரத்திற்குப் பாதாளச் சாக்கடை அமைப்பதென்று தீர்மானமானால், குழாய் பதிக்கும் ஒப்பந்தக்காரரைத் தேடுவதற்கு முன்பாகவே, எந்தத் தெருவில் எத்தனை ஆழத்தில் எந்த விட்டமுள்ள குழாய் ஓடவேண்டும், கழிவுநீரை எங்கே இறைத்து எங்கே சுத்திகரிக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் கணக்கிட்டு விரிவான திட்ட அறிக்கை தயாரிப்பதற்கு ஓர் ஆலோசக நிறுவனத்தை அமர்த்த வேண்டியிருக்கிறது. அறிக்கைக்குச் செலவாகும் தொகை கட்டுமானச் செலவில் மிகச் சிறு பங்கே. ஆயினும் அதில் நேரும் பிழை கட்டுமானம் முழுவதையும் பாதிக்கக்கூடியதாகையால், குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்ற பழைய விதி இங்கே போதுமானதாயில்லை. உலக வங்கியின் கடனுதவி பெறும் திட்டங்களிலும், மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளிலும், தரத்தையும் விலையையும் சேர்த்து எடைபோடும் முறை இடம் பெற்றிருப்பதற்குக் காரணம் இதுவே.

இம்முறையில் விண்ணப்பிக்கும் நிறுவனம் இரண்டு உறைகளைத் தருகிறது. முதல் உறையில் தொழில்நுட்ப முன்மொழிவும் இரண்டாவதில் விலையும் இருக்கும். முதல் உறையை மதிப்பிட்டு, குறைந்தபட்ச மதிப்பெண்ணை எட்டியவர்களின் விலை உறை மட்டுமே பின்னர் திறக்கப்படும். எனவே, நிறுவனத்தின் பெருமையைச் சொல்லும் நூலாகவோ பொறியியல் பாடப் புத்தகமாகவோ எழுதப்படும் முன்மொழிவு பயன் தருவதில்லை. மதிப்பீட்டுக் குழுவின் கையிலிருக்கும் மதிப்பெண் பட்டியல் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில், அதே தலைப்புகளின் கீழ், ஒவ்வொரு வரிக்கும் ஆதாரத்தோடு விடையளிப்பதாக அது அமைய வேண்டும்.

விளக்கத்திற்காக ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கடலோரத்தில், மேடுபள்ளம் அதிகமில்லாத நிலத்தில் அமைந்த, ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் வாழும் ஒரு நகராட்சி, எட்டு மாதத்தில் அறிக்கை கேட்டு டெண்டர் விடுகிறது. நிறுவனத்தின் முன்னனுபவத்திற்கு 10, வேலைமுறைக்கும் திட்டத்திற்கும் 35, பிரதான நிபுணர்களுக்கு 45, நகராட்சி ஊழியர்களுக்கு அளிக்கும் பயிற்சிக்கு 10 என மதிப்பெண்கள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. தேர்ச்சிக்கு 75 வேண்டும். இறுதிக் கணக்கில் தரத்திற்கு 80 சதவீதம், விலைக்கு 20 சதவீதம். இந்த எண்களைப் படித்தவுடனேயே, எந்தப் பகுதிக்கு எத்தனை பக்கம் ஒதுக்க வேண்டும் என்பது ஓரளவு தெரிந்துவிடுகிறது. 10 மதிப்பெண் தரும் முன்னனுபவத்திற்கு நாற்பது பக்கமும் 35 தரும் வேலைமுறைக்கு ஆறு பக்கமும் எழுதும் வழக்கம் பரவலாக இருப்பினும், அது தன் உழைப்பைத் தானே வீணாக்கும் வழக்கமாகும்.

வேலைமுறை: நகரம் தெரிகிறதா?

வேலைமுறைப் பகுதியில் பெரும்பாலோர் செய்யும் தவறு, டெண்டர் ஆவணத்திலுள்ள பணி வரையறையையே வாக்கியம் மாற்றித் திருப்பி எழுதிவிடுவது. நகரின் பெயரை எடுத்துவிட்டு வேறொரு நகரின் பெயரைப் போட்டாலும் அந்தப் பக்கங்கள் அப்படியே பொருந்துமானால், அந்த ஊரை அவர்கள் நேரில் பார்க்கவில்லை என்பதை மதிப்பீட்டாளர் உடனே கண்டுகொள்வார்.

சரியான முன்மொழிவு கணக்கோடு தொடங்குகிறது. நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர், அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்று நடைமுறையிலுள்ள அளவுகோலை வைத்தால், ஒருவருக்கு 108 லிட்டர். ஒரு லட்சம் பேருக்கு நாளொன்றுக்கு 1 கோடியே 8 லட்சம் லிட்டர். ஆனால் குழாய்கள் 30 ஆண்டுக்குப் பின்வரும் மக்கள்தொகைக்காக வடிவமைக்கப்படுவதால், அந்தத் தொகையை எந்த முறையில் மதிப்பிடப்போகிறோம், திருவிழாக் காலத்து வெளியூர்க் கூட்டத்தை எப்படிக் கணக்கில் சேர்க்கப்போகிறோம் என்பதைச் சொல்வதே ஆலோசகரின் திறமையைக் காட்டும் இடம்.

அதைவிடக் கடினமான கேள்வி நிலத்தைப் பற்றியது. கழிவுநீர் தன்னிலுள்ள திடப்பொருள்களைத் தங்கவிடாமல் இழுத்துச் செல்ல விநாடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது வேண்டும். அதற்காகச் சிறிய குழாயொன்றை 250 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவில் பதித்தால், தட்டையான நிலத்தில் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் அது 4 மீட்டர் கீழே இறங்கிவிடும். கடலோர நகரத்தில் அத்தனை ஆழத்தில் நிலத்தடி நீர் நிற்கும். தோண்டிய பள்ளத்திலிருந்து நீரை இடைவிடாமல் இறைக்க வேண்டும், பக்கச் சுவர்கள் சரியாமல் தாங்க வேண்டும், பதித்த குழாயின் இணைப்புகள் வழியே நீர் கசிந்து உள்ளே புகாமலும் பார்க்க வேண்டும். ஆகவே, ஆழத்தை அதிகரித்துப் பம்பிங் நிலையங்களைக் குறைப்பதா, ஆழத்தைக் கட்டுப்படுத்தி நிலையங்களை அதிகரிப்பதா என்ற இரண்டு வழிகளையும், கட்டுமானச் செலவு மட்டுமன்றி முப்பது ஆண்டு மின்கட்டணத்தையும் சேர்த்து ஒப்பிடுவோம் என்று எழுதுகிறவர், இந்த ஊரின் உண்மையான பிரச்சினையைத் தொட்டவராகிறார்.

பணி வரையறையிலேயே குறையிருந்தால் அதை மரியாதையோடு சுட்டிக்காட்டவும் தனிப் பகுதி உண்டு. நிலத்தடி நீர்மட்டத்தை முதல் இரண்டு மாதத்திற்குள் அளந்து முடிக்கும்படி ஆவணம் சொன்னால், வடகிழக்குப் பருவமழைக்குப் பின்பே மட்டம் உச்சத்தை அடையும் என்பதைக் காரணத்தோடு விளக்கி, கண்காணிப்புக் கிணறுகளை டிசம்பர் இறுதிவரை தொடர்ந்து அளக்கும் திருத்தத்தை முன்வைப்பது நல்ல மதிப்பெண்ணுக்குரிய செயலாகும்.

குழு: ஒரு தன்விவரத்தின் விலை

நிபுணர்களுக்குரிய 45-இல் குழுத்தலைவருக்கு மட்டும் 15 என்று கொள்வோம். அந்த 15-உம் மூன்றாகப் பிரிகிறது: பொதுத் தகுதிக்கு 20 சதவீதம், இந்த வேலைக்கான பொருத்தத்திற்கு 70 சதவீதம், வட்டார அனுபவத்திற்கும் மொழிக்கும் 10 சதவீதம்; அதாவது முறையே 3, 10.5, 1.5.

ஒரு நிறுவனம், முப்பது ஆண்டு அனுபவமும் பெரும்புகழும் உடையவராயினும், பெரும்பகுதியைக் கட்டட வேலைகளில் கழித்த ஒருவரைத் தலைவராக நிறுத்துகிறது. பொதுத் தகுதியில் அவருக்கு முழு 3, பொருத்தத்தில் பாதியான 5.25, வட்டார அனுபவத்தில் 1.5, மொத்தம் 9.75. மற்றொரு நிறுவனம் பதினெட்டு ஆண்டே பணிசெய்த, ஆனால் நான்கு பாதாளச் சாக்கடைத் திட்டங்களை வடிவமைத்து முடித்த பொறியாளரை நிறுத்துகிறது, அவருக்கு 2.5, 9.5, 1.5 ஆக 13.5. வித்தியாசம் 3.75. பிற எல்லா வரிகளிலும் இருவரும் சமமென்றே வைத்துக்கொள்வோம்.

இந்த 3.75 இறுதிக் கணக்கில் 80 சதவீதமாகி 3 புள்ளியாகிறது. அந்த 3 புள்ளியை 20 சதவீத எடையுள்ள விலையால் ஈடுசெய்ய, விலை மதிப்பெண்ணில் 15 வித்தியாசம் வேண்டும். மிகக் குறைந்த விலைக்கு 100 தந்து, மற்ற விலைக்கு அந்தக் குறைந்த விலையை அதனால் வகுத்து நூறால் பெருக்கி மதிப்பெண் இடுவது வழக்கமாதலால், முதல் நிறுவனம் 1 கோடி ரூபாய் கேட்டிருந்தால், இரண்டாவது நிறுவனம் ஏறத்தாழ 1 கோடியே 17 லட்சத்து 60 ஆயிரம் கேட்டும் அதற்குச் சமமாக நிற்கலாம். பொருந்தாத ஒரு தலைவரைத் தேர்ந்ததற்கு அந்நிறுவனம் கொடுக்கும் விலை இது. தன்விவரத்தில் பட்டங்களை அடுக்குவதைவிட, எந்த நகரில், எந்த ஆண்டில், எத்தனை கிலோமீட்டர் வலைப்பின்னலில், அவர் கையால் செய்த வேலை எது என்று எழுதுவதன் பலன் இங்கேதான் தெரிகிறது.

கால அட்டவணை: மழையும் மனித மாதமும்

ஆகஸ்டு முதல் தேதியில் பணி தொடங்குவதாக இருந்தால், தெருவாரியான மட்ட அளவையை மழைக்கு முன்பாக, செப்டம்பருக்குள் முடித்தாக வேண்டும். அக்டோபரில் நீர் தேங்கிய தெருவில் அளவைக் குழு நிற்க முடியாது. வடிவமைப்பை அக்டோபர் முதல் ஜனவரிவரை வைத்து, நீர்மட்ட அளவுகள் வந்தபின் ஆழங்களை உறுதிசெய்து, பிப்ரவரியில் வரைவு அறிக்கை, நகராட்சியின் பரிசீலனைக்கு மூன்று வாரம், மார்ச்சில் இறுதி அறிக்கை என்று அமைக்கலாம். பரிசீலனைக்கு நாளே ஒதுக்காத அட்டவணை, பார்வைக்கு வேகமாகத் தோன்றினும், நடைமுறையில் முதல் தாமதத்திலேயே உடைந்துவிடும். பம்பிங் நிலையங்களுக்கும் சுத்திகரிப்பு நிலையத்திற்கும் இடம் முடிவாகாமல் குழாயின் திசையே முடிவாகாதென்பதால், நிலத் தேர்வை முதல் மாதத்திலேயே தொடங்கவும் வேண்டும்.

அட்டவணையைக் குழுவின் மனித மாதப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அனுபவமுள்ள மதிப்பீட்டாளரின் முதல் வேலை. அளவை செப்டம்பரில் முடிவதாக ஒரு பக்கம் சொல்லிவிட்டு, வடிவமைப்புப் பொறியாளரின் முழுநேர உழைப்பை ஆகஸ்டிலேயே காட்டினால், அந்த ஒரு மாதம் அவர் எதை வைத்து வடிவமைப்பார் என்ற கேள்வி எழும். மண் பரிசோதனை அட்டவணையில் இருந்து, அதற்குரிய நிபுணரின் நாட்கள் பட்டியலில் இல்லையெனில், இரண்டு பகுதிகளையும் வெவ்வேறு ஆட்கள் எழுதி ஒருவரும் சேர்த்துப் படிக்கவில்லை என்பது அம்பலமாகும்.

மதிப்பெண்ணுக்கு முன்பே விழும் உறைகள்

எத்தனை சிறந்த முன்மொழிவும் சில சிறு பிழைகளால் மதிப்பீட்டுக்கே வராமல் போகலாம். தொழில்நுட்ப உறைக்குள் விலை பற்றிய தகவல் புகுந்துவிடுவது இவற்றுள் மிகக் கொடியது; முழு முன்மொழிவும் அதனால் நிராகரிக்கப்படலாம். ஒரே பதவிக்கு இரண்டு பேரின் தன்விவரத்தை வைப்பதும், நிபுணரின் கையொப்பமில்லாத தன்விவரத்தைச் சேர்ப்பதும் அடுத்த நிலையில் வருபவை. இவற்றைத் தவிர்க்க, முகப்பிலேயே ஓர் இணக்க அட்டவணை வைத்து, டெண்டரின் ஒவ்வொரு நிபந்தனைக்கும் மதிப்பெண் வரிக்கும் எதிரே முன்மொழிவின் பக்க எண்ணைக் குறிப்பது நல்ல பழக்கம். பக்க எண் எழுத முடியாமல் காலியாக நிற்கும் கட்டமே, எழுத மறந்த பகுதியை எழுதுகிறவருக்குக் காட்டிக் கொடுக்கும்.

வெற்றி பெற்ற முன்மொழிவு அத்துடன் முடிந்துபோகும் காகிதமன்று. அதிலுள்ள வேலைமுறையும் நிபுணர்களின் பெயர்களும் கால அட்டவணையும் பேச்சுவார்த்தைக்குப் பின் ஒப்பந்தத்தின் இணைப்புகளாகின்றன. பிரதான நிபுணரை மாற்ற வேண்டுமானால், அவருக்கு நிகரான அல்லது மேலான தகுதியுடையவரை நிறுத்தி, நகராட்சியின் சம்மதத்தையும் பெற்றாக வேண்டும். ஆகவே, வர இயலாத ஒருவரின் பெயரைக் காட்டி 13.5 பெறுவது, சில மாதங்களில் ஒப்பந்த மீறலாக உருவெடுக்கும் கடன். அந்தத் தலைவர் உண்மையாகவே வந்து, ஆழமா பம்பிங் நிலையமா என்ற கணக்கைத் தாமே போட்டால்தான், மதிப்பெண் பட்டியல் கேட்ட தரம் அந்தத் தெருக்களின் அடியில் போய்ச் சேரும்; நகராட்சிப் பொறியாளரும் வார்டு உறுப்பினரும் ஒவ்வொரு கட்ட அறிக்கையின்போதும், முன்மொழிவில் பெயர் கொடுத்தவர்தாம் வேலை செய்கிறாரா என்று விசாரிக்க வேண்டியதன் அவசியமும் அதுவே.