பள்ளியா, பல்லியா? கைப்பேசியில் தமிழ்: எந்த விசைப்பலகை யாருக்கு?

டெக்காவில் காய்கறி வாங்கிவிட்டு, புதிதாகத் திறந்த கடை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்த என் அத்தை மகனுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார். “வலி தெரியவில்லை.” அவன் பதறிப்போய் அழைத்தான். அத்தை எழுத நினைத்தது “வழி.”

இந்தப் பிழை எப்படி வந்தது என்று பார்த்தால், கைப்பேசியில் தமிழ் எழுதும் இரு முறைகளின் வேறுபாடு விளங்கும். ஒன்று, ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழைப் பெறும் அஞ்சல் முறை. மற்றொன்று, தமிழ் எழுத்துகளையே விசைகளில் கொண்ட தமிழ் 99. இது 1999ல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி உருவானது. ஐபோனில் இரண்டுமே உள்ளன. ஆண்டிராய்டில் முத்து நெடுமாறனின் ‘செல்லினம்’ செயலியிலும் இரண்டும் கிடைக்கும். அச்செயலி 2005 பொங்கலன்று சிங்கப்பூரில்தான் முதலில் அறிமுகமானது.

‘பள்ளிக்கூடம்’ என்ற சொல்லை இரண்டிலும் எழுதிப் பார்ப்போம். தமிழ் 99ல் ப, ள, ள, இ, க, க, ஊ, ட, ம, புள்ளி எனப் பத்துத் தட்டல்கள் போதும். ஒரே மெய் இரு முறை வந்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். அஞ்சலில் அதே சொல் paLLikkuutam. பன்னிரண்டு எழுத்துகளோடு, இரு பெரிய எழுத்துகளுக்கும் ஷிஃப்ட் விசையை இரு முறை தட்ட வேண்டும். ஆகப் பதினான்கு.

தட்டல் குறைவு என்பதால் தமிழ் 99தான் எல்லாருக்கும் வேகம் என்று சொல்லிவிட முடியாது. இங்கே வயது குறுக்கிடுகிறது.

பள்ளி மாணவர்களுக்கும் இளையர்களுக்கும் ஆங்கில விசைகளின் இடம் கட்டைவிரலுக்கே தெரியும். பதினான்கு தட்டல்களை அவர்கள் பார்க்காமலே முடிப்பார்கள். தமிழ் 99ல் பத்துத்தான் என்றாலும் தொடக்கத்தில் ஒவ்வொன்றையும் தேட வேண்டியிருக்கும். பழகிய பிறகு நிலை மாறும். உயிரெழுத்துகள் இடப்பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கமும் இருப்பதால் இரு கட்டைவிரல்களும் மாறி மாறி வேலை செய்யும்.

தமிழை முதலில் படித்த மூத்தோரின் சிக்கல் வேறு. அஞ்சலில் ஒவ்வொரு சொல்லையும் அவர்கள் மனத்துக்குள் ஆங்கில எழுத்தாக மாற்ற வேண்டும். தமிழ் 99க்கு வந்தாலோ, “கூ எங்கே இருக்கிறது?” என்று தேடுவார்கள். உயிர்மெய்க்குத் தனி விசை கிடையாது, க தட்டி ஊ தட்ட வேண்டும் என்பது புரிந்தால் பெரும்பகுதி தடுமாற்றம் தீர்ந்துவிடும்.

இடையில் இருப்பவர்கள் என் அத்தையைப் போன்ற நாற்பது, ஐம்பது வயதினர். பழைய குறுஞ்செய்திக் காலத்தில் vali, palli என்று ஆங்கில எழுத்தில் எழுதிப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்தோடு அஞ்சலுக்கு வரும்போது ழகரத்துக்கு z, ளகரத்துக்குப் பெரிய L என்பது விட்டுப்போகிறது. palli என்றால் பல்லிதான் வரும். பரிந்துரைப் பட்டியல் காட்டும் விசைப்பலகைகளில் இரண்டும் வரிசையில் நிற்கும். அவசரத்தில் முதலில் இருப்பதைத் தொட்டுவிடுகிறோம்.

பிழைகளின் எண்ணிக்கையைவிட அவற்றின் தன்மையைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். தமிழ் 99ல் மேல்வரிசையில் பன்னிரண்டு விசைகள். ஆங்கிலத்தில் பத்து. அதனால் விசைகள் சற்று ஒடுங்கியிருக்கும், விரல் அடுத்த எழுத்தில் விழும். ளகரத்துக்குப் பக்கத்தில் றகரம் இருப்பதால் ‘பள்ளி’ சில வேளைகளில் ‘பளறி’ ஆகும். ஆனால் அப்படி ஒரு சொல் இல்லை, கண்ணில் பட்டுவிடும். அஞ்சலில் வரும் ‘பல்லி’யோ நல்ல தமிழ்ச் சொல். சொல்திருத்தியும் அதைப் பிடிக்காது.

உங்கள் வீட்டிலும் சோதித்துப் பார்க்கலாம். “மழை நின்றதும் பள்ளிக்கூடம் வழியாக வருகிறேன்” என்ற வாக்கியத்தை ஆளுக்கு மூன்று முறை எழுதச் சொல்லி நேரத்தைக் குறியுங்கள். அழித்துத் திருத்தியவற்றைத் தனியாகவும் திருத்தாமல் விட்டவற்றைத் தனியாகவும் எண்ணுங்கள். முதலாவது வேகத்தைத்தான் குறைக்கும். இரண்டாவது, படிப்பவரைக் குழப்பும். புதிய விசைப்பலகையை முதல் நாளிலேயே பழையதோடு ஒப்பிடாமல், சில வாரம் பழகிய பின் மறுபடியும் அளந்தால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும்.

அத்தை இப்போது தமிழ் 99க்கு மாறிவிட்டார். வேகம் இன்னும் வரவில்லை, ‘வழி’ சரியாக வருகிறது. அண்மையில் மாட்டிக்கொண்டது ‘பப்பாளி’யில். தொடர்ந்து ப தட்டினால் முதல் எழுத்துக்கே புள்ளி விழுந்துவிடுகிறது. முதல் ப தட்டியதும் ஓர் அ தட்டிவிட்டு, பிறகு ப, ப, ஆ, ள, இ தட்டினால் சரியாகிவிடும்.