கணக்கு காட்டும் பொய் லாபம்

நேரியல் திட்டமிடல் கணக்குகளுக்கு விடை காணும் சிம்ப்ளெக்ஸ் முறையை 1947இல் உருவாக்கியவர் ஜார்ஜ் டான்ட்சிக். பின்னர், ராண்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த 1950களில், உடல் எடையைக் குறைக்கும்படி அவருடைய மருத்துவர் சொன்னார். டான்ட்சிக் உணவுப் பட்டியலையே ஒரு கணக்காக்கிக் கணினியிடம் கொடுத்தார். சத்துகள் குறையக் கூடாது, கலோரி கூடக் கூடாது, ஆனால் வயிறு நிறைய வேண்டும். உணவின் எடையிலிருந்து அதிலுள்ள நீரின் எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் வயிற்றை நிறைக்கும் என்று வைத்துக்கொண்டு, அதை முடிந்தவரை கூட்டச் சொன்னார். விடையில் 500 கேலன் வினிகர் இருந்தது. அவர் எடுத்த அட்டவணையில் வினிகர் ஓர் அமிலம், நீர் அளவு சுழி. வினிகரை நீக்கிவிட்டு மறுபடி கேட்டபோது, நாளைக்கு 200 சூப்புக் கட்டிகளைத் தின்னச் சொன்னது. உப்புக்கு மேல்வரம்பு எதுவும் அவர் எழுதியிருக்கவில்லை.

இரண்டு முறையும் கணினி கூட்டல் கழித்தலில் தவறவில்லை. எழுதிய கணக்கில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிப் போய் அதன் வழியாக வெளியே வந்தது. ‘மிக அதிக லாபம் எது?’ என்று கேட்கும் எந்தக் கணக்கும் இப்படித்தான் நடந்துகொள்ளும். வினிகர் போன்ற விடை வந்தால் சிரித்துவிட்டுத் திருத்திவிடலாம். நம்பும்படியாக இருக்கிற தவறான விடைதான் சிக்கல். சிறிய உதாரணம் ஒன்றை எடுத்துக்கொண்டு அது எப்படி உருவாகிறது என்று பார்ப்போம்.

காராசேவும் மிக்சரும் போடும் ஒரு சிறு பட்டறை. அன்றைக்குக் கையிருப்பு 60 கிலோ கடலை மாவு. ஒரே அடுப்பு, அது எட்டு மணி நேரம், அதாவது 480 நிமிடம் எரியும். ஒரு கிலோ காராசேவுக்கு 0.8 கிலோ கடலை மாவும் 4 நிமிட அடுப்பும் வேண்டும். மிக்சரில் அவலும் கடலையும் சேர்வதால் மாவு 0.5 கிலோ போதும். ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியே பொரிப்பதால் 7 நிமிடம் ஆகிறது. கிலோவுக்கு லாபம் காராசேவில் 30 ரூபாய், மிக்சரில் 24 ரூபாய். காராசேவு `x` கிலோ, மிக்சர் `y` கிலோ என்றால் சரியான கணக்கு இது:

```
max  30x + 24y
     0.8x + 0.5y <= 60     (மாவு, கிலோ)
     4x + 7y <= 480        (அடுப்பு, நிமிடம்)
     x >= 0, y >= 0
```

விடை, 50 கிலோ காராசேவு, 40 கிலோ மிக்சர். மாவு முழுக்கத் தீர்கிறது, அடுப்பும் முழு நேரம் எரிகிறது, லாபம் 2,460 ரூபாய். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அலகு. எவ்வளவு நேரமாகும் என்று மாஸ்டரைக் கேட்டால், “காராசேவு மணிக்கு 15 கிலோ போடலாம்” என்பார். கேட்டவர் அதை ஒரு கிலோவுக்கு 0.067 மணி என்று எழுதுகிறார், மிக்சருக்கு 0.117 மணி. வலப்பக்கத்தை நிரப்புபவர் வேறொருவர், அவர் 480 என்று நிமிடத்தில் போடுகிறார். கணினி எதுவும் சொல்லாது, அதற்கு எல்லாம் வெறும் எண். இப்போது விடை 120 கிலோ மிக்சர், காராசேவு இல்லை, லாபம் 2,880 ரூபாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 120 கிலோ மிக்சர் போட 840 நிமிடம், அதாவது 14 மணி நேரம் அடுப்பு எரிய வேண்டும். விடைத்தாளிலேயே துப்பு இருக்கிறது: அடுப்பு வரியில் 480இல் 14 மட்டுமே செலவாகியிருக்கும். பட்டறையில் எல்லோரும் அடுப்புக்காகக் காத்துக்கிடக்கும்போது, கணக்கில் மட்டும் அடுப்பு சும்மா கிடந்தால் முதலில் அலகைச் சந்தேகிக்க வேண்டும்.

இதே தவறு எதிர்ப்பக்கம் நடந்திருந்தால், அதாவது இடப்பக்கம் நிமிடமும் வலப்பக்கம் 8 மணியும் இருந்தால், கணக்கு 2 கிலோ காராசேவு மட்டும் போடச் சொல்லும், லாபம் 60 ரூபாய். அதை யாரும் நம்ப மாட்டார்கள், அன்றே திருத்திவிடுவார்கள். கட்டுப்பாட்டை இறுக்கும் தவறுகள் இப்படித் தாமே அம்பலமாகும். தளர்த்தும் தவறுகள் லாபத்தைக் கூட்டிக் காட்டுவதால், கேள்வி கேட்கப்படாமல் முதலாளியின் மேஜைவரை போய்ச் சேரும். இவ்வளவு பெரிய இடைவெளியும் தேவையில்லை. 15 லிட்டர் எண்ணெய் டின்னில் இருப்பது ஏறக்குறைய பதிமூன்றரை கிலோதான். அதை 15 கிலோ என்று எழுதினால் பத்து சதவீதம் இல்லாத எண்ணெய் கணக்கில் ஏறும், கண்ணில் படாது.

அடுத்தது `x >= 0, y >= 0` என்ற கடைசி வரி. காராசேவை எதிர்மறை அளவில் யார் போடப் போகிறார்கள் என்று பலர் இதை எழுதுவதில்லை. மேலே உள்ள கணக்கிலிருந்து அந்த வரியை அழித்துப் பாருங்கள், விடை மாறாது. அதே 50, அதே 40. இந்தத் தவறு மாதக்கணக்கில் ஒளிந்திருக்க முடிவது இதனால்தான். பிறகு ஒரு பண்டிகைக் காலத்தில் காராசேவின் லாபம் கிலோவுக்கு 45 ரூபாயாக ஏறுகிறது. கடைகள் அதிகபட்சம் 100 கிலோ எடுத்துக்கொள்ளும் என்று ஒரு வரியும் சேர்க்கப்படுகிறது. சரியான விடை 75 கிலோ காராசேவு மட்டும், லாபம் 3,375 ரூபாய். அந்த வரி இல்லாத கணக்கு சொல்வது: காராசேவு 100 கிலோ, மிக்சர் −40 கிலோ, லாபம் 3,540 ரூபாய். அதாவது, பொரித்த மிக்சர் 40 கிலோவை மறுபடி மாவாக்கி 20 கிலோவைத் திரும்பப் பெற்று, அதையும் காராசேவாகப் பிழியச் சொல்கிறது. மொத்த லாபத்தை மட்டும் அச்சிடும் அறிக்கையில் அந்தக் கழித்தல் குறி தெரியவே தெரியாது. 100 கிலோ வரம்பும் இல்லாதிருந்தால் லாபத்துக்கு எல்லையே இல்லை என்று மென்பொருள் சொல்லிவிடும். ஒருவகையில் அது நல்லது, தவறு உடனே பிடிபடும்.

மென்பொருள்களும் இதில் ஒன்றுபோல் நடப்பதில்லை. பைத்தானில் `scipy` தொகுப்பின் `linprog`, எதுவும் சொல்லாவிட்டால் எல்லா மாறிகளும் சுழியோ அதற்கு மேலோதான் என்று எடுத்துக்கொள்ளும். `PuLP` தொகுப்பின் `LpVariable` அப்படி எடுத்துக்கொள்ளாது, கீழ்வரம்பை நாமே கொடுக்க வேண்டும். எக்செல் சால்வரில் அது ஒரு டிக் பெட்டி. ஒன்றில் ஓடிய கணக்கை இன்னொன்றுக்கு மாற்றும்போது இந்த வரி சத்தமில்லாமல் காணாமல் போகும்.

மூன்றாவது, ஒரே பொருளை இரண்டு முறை எண்ணுவது. காராசேவுக்கு ஒரு தாள், மிக்சருக்கு ஒரு தாள் என்று இருவர் தனித்தனியே எழுதுகிறார்கள். இரண்டிலும் ‘கடலை மாவு கையிருப்பு 60 கிலோ’ என்று இருக்கிறது, இரண்டும் உண்மைதான். சேர்க்கும்போது `0.8x <= 60` என்று ஒரு வரி, `0.5y <= 60` என்று ஒரு வரி. பழைய விலைகளில் விடை 75 கிலோ காராசேவு, சுமார் 25.7 கிலோ மிக்சர், லாபம் 2,867 ரூபாய். தேவைப்படும் மாவோ ஏறக்குறைய 73 கிலோ. மாவு என்பதால் மாலைக்குள் தெரிந்துவிடும். ஆள் விஷயத்தில் இது இன்னும் நைசாக நடக்கும்: பொரிப்பவரும் பாக்கெட் போடுபவரும் ஒருவரே என்றால், ‘பொரிக்கும் ஆள் 480 நிமிடம்’, ‘பாக்கெட் ஆள் 480 நிமிடம்’ என்ற இரண்டு வரிகளும் பார்வைக்குக் குற்றமற்றவை.

இதைப் பிடிக்க, தணிக்கை செய்பவருக்கு நிழல் விலை உதவும். ஒரு வளம் ஓர் அலகு கூடினால் லாபம் எவ்வளவு கூடும் என்ற எண் அது. பெரும்பாலான மென்பொருள்கள் விடையோடு சேர்த்தே தரும். சரியான கணக்கில் ஒரு கிலோ மாவின் நிழல் விலை 31.67 ரூபாய், அடுப்பின் ஒரு நிமிடம் 1.17 ரூபாய், அதாவது மணிக்கு 70 ரூபாய். இரண்டு முறை எண்ணிய கணக்கில், காராசேவு வரியில் மாவின் விலை 20.36 ரூபாய், மிக்சர் வரியில் சுழி. ஒரே மூட்டையிலிருந்து எடுக்கும் மாவுக்கு இரண்டு விலை இருக்க முடியாது. அலகு குழம்பிய கணக்கிலோ அடுப்பின் விலை சுழி என்று வரும். “அடுப்பு இன்னும் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு பிரயோஜனமும் இல்லையா?” என்று மாஸ்டரிடம் கேட்டால், அவர் கேட்டவரை மேலும் கீழும் பார்ப்பார்.

குறைவற்ற வரி விடுபட்டதைப் பிடிக்க வளத்தைச் சுழியாக்கிப் பார்க்கலாம். பண்டிகைக் கணக்கில் மாவு 60க்குப் பதில் 0 என்று போடுங்கள். சரியான கணக்கு லாபமும் சுழி என்று சொல்லும். வரி விடுபட்ட கணக்கு, மாவே இல்லாமல் 660 ரூபாய் லாபம் காட்டும். மாவின் அளவைச் சுழியாக்க இரண்டு கட்டங்களில் திருத்த வேண்டியிருந்தால், அதுவே இரட்டை எண்ணிக்கைக்குச் சாட்சி.

இவற்றுக்கெல்லாம் முன்னால் நான் செய்யச் சொல்வது ஒன்று: உண்மையில் நடந்த ஒரு நாளை எடுத்துக் கணக்கில் கையால் போடுவது. நேற்று 45 கிலோ காராசேவும் 30 கிலோ மிக்சரும் போட்டதாகப் பதிவேடு சொன்னால், கணக்குப்படி மாவு 51 கிலோ, அடுப்பு 390 நிமிடம். பதிவேட்டிலும் ஏறக்குறைய அப்படியே இருக்க வேண்டும். கணக்கு அடுப்புக்கு ஆறரை என்று சொன்னால் அலகு தெரிந்துவிட்டது. நடந்து முடிந்த நாளையே ‘முடியாது’ என்று சொன்னால் எங்கோ ஒரு வரி அதிகமாக இறுகியிருக்கிறது. இதற்கு மென்பொருளே தேவையில்லை, கால்குலேட்டர் போதும். ஆனால் சிறந்த விடையைத் தேட அவசரப்படுகிறவர்கள் இதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

எழுதாமலே விட்ட வரியை இந்தச் சோதனைகள் பெரும்பாலும் காட்டாது. திட்டத்தை மாஸ்டரிடம் நீட்டினால் அவர், “காலையில் எண்ணெய் காய இருபது நிமிடம் ஆகுமே, அது எங்கே?” என்பார். 480 என்பது 460 ஆகிறது. நிழல் விலைப்படி லாபத்தில் குறைவது 23 ரூபாய்தான், விட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் திட்டம் அதைவிட அதிகமாக நகர்கிறது: காராசேவு ஏறக்குறைய 53 கிலோவாகக் கூடி, மிக்சர் 40இலிருந்து முப்பத்தைந்தரைக்கு இறங்குகிறது. மிக்சர் 40 கிலோ தருவதாகக் கடைக்காரரிடம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தால், அந்த நாலரை கிலோவுக்கு இப்போதே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.